மலைச்சாலையில் முகப்பு விளக்குகள்: தாழ் ஒளி, உயர் ஒளி, பனி விளக்கு

மோட்டார் வாகனத்தின் முன்புறத்தில் பொருத்தப்பட்டு, ஓட்டுநருக்குச் சாலையைக் காட்டும் விளக்கு முகப்பு விளக்கு எனப்படும். பேச்சு வழக்கில் இது ஹெட்லைட். இதில் இரு நிலைகள் உண்டு. எதிரே வருபவரின் கண்ணில் படாதபடி கீழ்நோக்கிச் சாய்ந்து விழுவது தாழ் ஒளி. இதை ஓட்டுநர்கள் ‘டிம்’ என்பர். நேராக நெடுந்தூரம் பாய்வது உயர் ஒளி. இது ‘பிரைட்’ அல்லது ‘ஹை பீம்’ எனப்படும். மூடுபனிக்காகத் தாழ்வாகப் பொருத்தப்படும் தனி விளக்கு பனி விளக்கு ஆகும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் உள்ள கரியாலூருக்குச் செல்லும் சாலை, இந்த மூன்று விளக்குகளும் தேவைப்படும் சாலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கோமுகி அணைப் பக்கம் வந்து மலையேறும் இவ்வழி, வளைவுகளும் காடும் நிறைந்தது. தெருவிளக்கு ஊர்ப்பகுதிகளில் மட்டுமே உண்டு. மழைக்காலத்திலும் குளிர்கால விடியற்காலையிலும் மூடுபனி இறங்கும். அதே சாலையின் ஓரத்தில்தான் மலைக்கிராம மக்கள் இருட்டிய பின்னும் நடந்து வீடு திரும்புகின்றனர். விளக்கைத் தவறாகப் பயன்படுத்தும் ஓட்டுநரைவிட, எதிரே வருபவரும் ஓரத்தில் நடப்பவருமே அதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றனர். சட்டம் உயர் ஒளியைக் குற்றமாகக் கருதும் இடமும் இதுவே.

தாழ் ஒளியும் உயர் ஒளியும்

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிரகாசத்தில் மட்டும் இல்லை. ஒளி விழும் வடிவத்தில்தான் முக்கிய வேறுபாடு உள்ளது. தாழ் ஒளியை ஒரு சுவரில் விழச் செய்தால், மேலே இருட்டும் கீழே வெளிச்சமும் ஒரு கோடு போட்டது போலப் பிரிந்திருப்பதைக் காணலாம். இது வெட்டுக்கோடு எனப்படும். இந்தியாவில் வாகனங்கள் இடப்பக்கம் செல்வதால், இக்கோடு வலப்பக்கம் மட்டமாகவும் இடப்பக்கம் சற்று மேலேறியும் இருக்கும். வலப்பக்கம் எதிரே வருபவரின் கண் இருக்கும். இடப்பக்கம் சாலை ஓரமும் அதில் நடப்பவரும் இருப்பர். கண்ணுக்கு ஒளி படாமலும், ஓரம் தெரியும்படியும் அமைத்ததே இந்த வடிவம்.

கார்களில் நெடுங்காலமாகப் பயன்படும் எச்4 வகை ஹாலோஜன் பல்பில் இரண்டு இழைகள் உள்ளன. உயர் ஒளி இழை 60 வாட், தாழ் ஒளி இழை 55 வாட். தாழ் ஒளி இழையின் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. இழையிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அது தடுத்துவிடுவதால், பிரதிபலிப்பானின் மேற்பாதியில் பட்டுக் கீழே இறங்கும் ஒளி மட்டும் வெளியே வருகிறது. வெட்டுக்கோடு உருவாவது இப்படித்தான். ஆகவே இழை இருக்கவேண்டிய இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் விலகினாலும் கோடு கலைந்துவிடும்.

நன்கு சரிசெய்த தாழ் ஒளியில், இருண்ட நிற உடை அணிந்து நடப்பவர் ஒருவர் சுமார் 40 முதல் 60 மீட்டர் தொலைவில் கண்ணுக்குப் புலப்படுவார். உயர் ஒளியில் இது 100 மீட்டரைத் தாண்டும். எனவே ஆளரவமற்ற இருண்ட நேர்ச்சாலையில் உயர் ஒளி போடுவது தவறில்லை, தேவையானதும்கூட. எதிரிலோ முன்னாலோ ஒருவர் வந்துவிட்டால்தான் அது தவறாகிறது. உயர் ஒளி எரியும்போது ஓட்டுநரின் முன்பலகையில் நீல நிறக் குறி ஒளிரும். ஊருக்குள் நுழைந்த பின்னும் இந்த நீலக் குறியைக் கவனிக்காமல் ஓட்டுவதே பலரிடம் காணப்படும் பிழை.

கண்கூச்சத்தின் கணக்கு

கண்ணில் திடீரென வலுவான ஒளி பட்டால் கண்மணி சுருங்குகிறது. விழித்திரையும் அந்த ஒளிக்கு ஏற்பத் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது. ஒளி கடந்து சென்றதும் பழைய நிலைக்குத் திரும்பச் சில நொடிகள் ஆகும். வயதானவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் மேலும் கூடுதல் நேரம் ஆகும். அந்த நொடிகளில் ஓட்டுநர் ஏறக்குறைய பார்வையின்றியே ஓட்டுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கரியாலூரிலிருந்து ஒருவர் இருசக்கர வாகனத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி வருகிறார். எதிரே ஒரு பிக்கப் வேன் உயர் ஒளியுடன் ஏறி வருகிறது. வேன் கடந்த பின் அவருக்குப் பார்வை தெளிய 3 நொடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு சுமார் 11 மீட்டர். ஆக அவர் 33 மீட்டர் தூரத்தை எதுவும் தெரியாமல் கடக்கிறார். அதன் பிறகு ஓரத்தில் ஒருவர் நடப்பதைக் கண்டாலும், மூளை உணர்ந்து கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகும். அதில் 17 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து வண்டி நிற்க மேலும் 10 மீட்டருக்குக் குறையாமல் தேவைப்படும். இறக்கத்திலும் ஈரச்சாலையிலும் இது இன்னும் நீளும். மொத்தம் 60 மீட்டர். தாழ் ஒளி காட்டும் தூரம் முழுவதும் இதிலேயே செலவாகிவிடுகிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எதிரெதிரே வரும் இரண்டு வாகனங்களுக்கு நடுவில் அல்லது ஓரத்தில் நிற்கும் மனிதர், இரு ஓட்டுநர்களின் கண்ணுக்கும் மறைந்துபோகலாம். எதிர் விளக்கின் ஒளி கண்ணுக்குள் சிதறி ஒரு வெண்திரையாகப் படர்வதால், அதன் அருகில் இருக்கும் மங்கலான உருவம் தெரியாது. நடப்பவருக்கோ இரு பக்கமும் நல்ல வெளிச்சம் இருப்பதாகத் தோன்றும். தன்னை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எண்ணிவிடுவார். இருட்டில் மலைச்சாலையில் நடப்பவர்கள் எதிரே வரும் வண்டியைப் பார்க்கும்படி வலது ஓரமாக நடப்பதும், கைவிளக்கைத் தரையை நோக்கிப் பிடிப்பதும், வெளிர்நிறத் துண்டு ஒன்றையாவது தோளில் போட்டுக்கொள்வதும் இதற்காகவே அறிவுறுத்தப்படுகின்றன.

சமவெளியில் உள்ள நான்குவழிச் சாலைகளில் இந்தச் சிக்கல் ஓரளவு தீர்க்கப்பட்டுள்ளது. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலை போன்றவற்றில் இரு திசைப் போக்குவரத்துக்கும் நடுவே தடுப்புத் திட்டு உண்டு. இத்தகைய சாலைகளின் நடுத்திட்டில் அரளிச் செடி வளர்க்கப்படுவதன் ஒரு நோக்கம் எதிர்ப்பக்க விளக்கொளியை மறைப்பதே. மலைச்சாலையில் நடுத்திட்டும் இல்லை, அரளியும் இல்லை. அங்கே ஓட்டுநரின் கைவிரலில் இருக்கும் டிம் சுவிட்சே ஒரே தடுப்பு.

வளைவுகளில் எப்போது தாழ்த்துவது

நேர்ச்சாலையில் எதிர் வாகனத்தின் விளக்கு தெரிந்ததும், சுமார் 200 மீட்டர் இடைவெளி இருக்கும்போதே தாழ்த்திவிடுவது நல்லது. இருவரும் மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்தால் அந்த இடைவெளி 9 நொடியில் தீர்ந்துவிடும். மலையில் இவ்வளவு தூரம் நேராகத் தெரிவது அரிது. அங்கே எதிர் வாகனம் தெரிவதற்கு முன் அதன் ஒளி தெரியும். வளைவுக்கு அப்பால் பாறையிலும் மரக்கிளைகளிலும் ஒரு வெளிச்சம் படர்ந்து நகர்வதைக் காணலாம். அந்த வெளிச்சத்தைக் கண்டவுடன் தாழ்த்த வேண்டும். வாகனம் கண்ணில் படும்வரை காத்திருந்தால், வளைவு திரும்பியதும் முதல் பாய்ச்சல் எதிராளியின் கண்ணில்தான் விழும்.

இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் கூடுதல் கவனம் வேண்டும். வாகனத்தின் ஒளி நேர்கோட்டில்தான் செல்லும். சாலையோடு சேர்ந்து வளையாது. ஆகவே இடது வளைவில் நுழையும்போது ஒளி சாலையின் வலப்பக்கத்தை, அதாவது எதிரே வருபவரின் பாதையைத் துடைத்துக்கொண்டு போகும். கொண்டை ஊசி வளைவில் உயர் ஒளியால் ஓட்டுநருக்கும் பயனில்லை. அது பாறைச் சுவரிலோ பள்ளத்தாக்கின் வெற்றிடத்திலோ விழும். திரும்ப வேண்டிய சாலை இருட்டிலேயே இருக்கும். தாழ் ஒளியின் அகன்ற பரப்பு அங்கே அதிகம் உதவுகிறது.

தாழ்த்துவதற்கு முன் வேகத்தைக் குறைப்பது முறை. பார்வை எல்லை பாதியாகச் சுருங்கும்போது வேகம் அப்படியே இருந்தால், தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடியாது. எதிர் வாகனம் பக்கவாட்டில் கடந்து சென்ற பிறகே மீண்டும் உயர் ஒளிக்கு மாற வேண்டும். அதன் பின்னால் விளக்கு எரியாத சைக்கிளோ, இன்னொரு வண்டியோ வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முன்னால் ஒரு வண்டி செல்லும்போதும் தாழ் ஒளியே போட வேண்டும். உயர் ஒளி அவருடைய பின்பார்வைக் கண்ணாடிகள் வழியாக அவர் கண்ணில் பாயும். குறுகிய மலைச்சாலையில் அவர் வழிவிடுவதற்காகப் பின்னாலிருந்து பிரைட் போட்டுக்கொண்டே செல்வது, அவர் பள்ளத்தின் ஓரத்தைச் சரியாகக் கணிக்க முடியாமல் செய்துவிடும். முந்த வேண்டுமானால் ஒரு கணம் ‘பாஸ்’ சுவிட்சை அழுத்தி விடுவது போதும். வளைவுக்கு முன் தன் வருகையைத் தெரிவிக்கவும் இவ்வாறு ஒருமுறை மின்னச் செய்யலாம். ஆனால் பிரைட்டை மின்னச் செய்வது ‘நான் வருகிறேன்’ என்ற அறிவிப்பு மட்டுமே; ‘நீ நில்’ என்ற கட்டளை ஆகாது. இரு வாகனங்கள் கடக்க இடமில்லாத இடத்தில், ஏறி வருபவருக்கே முன்னுரிமை என்பது சாலை விதி.

மூடுபனியில்

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் மிகச் சிறிய நீர்த்துளிகளின் கூட்டம். மலையில் பெரும்பாலும் மேகமே சரிவில் வந்து படிந்து மூடுபனியாகத் தெரிகிறது. விளக்கொளி இத்துளிகளில் பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறும். அதில் ஒரு பகுதி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வரும். உயர் ஒளி கண்ணுக்கு நேரான மட்டத்தில் நிறைய துளிகளை ஒளிரச் செய்வதால், முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பியது போல ஆகிவிடும். வெளிச்சம் கூடக்கூடப் பார்வை குறைவது மூடுபனியில் காணும் நிலை. எனவே மூடுபனியில் தாழ் ஒளிதான் போட வேண்டும். பகலாக இருந்தாலும் அணைக்கக் கூடாது.

முன்பக்கப் பனி விளக்கு இதே காரணத்துக்காகப் பம்பரின் அடியில் தாழ்வாகப் பொருத்தப்படுகிறது. அதன் ஒளி அகலமாகவும் தட்டையாகவும், மேல்பக்கம் கூர்மையாக வெட்டப்பட்டும் இருக்கும். கண்ணுக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பனியை அது அதிகம் ஒளிரச் செய்யாது. சாலையின் ஓரக்கோட்டையும் வண்டிக்கு அருகிலுள்ள தரையையும் மட்டும் காட்டும். நெடுந்தூரம் காட்டுவது அதன் வேலை அன்று.

மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துச் செல்லும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகவே அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறச் செய்கின்றன. மஞ்சள் ஒளி சிலருக்குக் கண்கூச்சம் குறைவாகத் தோன்றலாம்; ஆனால் கூடுதல் தூரம் காட்டாது. பயன் தருவது விளக்கின் உயரமும் வடிவமுமே, நிறம் அன்று.

பின்பக்கப் பனி விளக்கு சிவப்பு நிறத்தில் வலுவாக எரியும். பின்னால் வருபவருக்கு வண்டி இருப்பதைக் காட்டுவதே அதன் பயன். பார்வை 100 மீட்டருக்கும் குறைந்தால் அதைப் போடலாம். பனி விலகியதும் அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் அதன் பிரகாசத்தில் பிரேக் விளக்கு எரிவது பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஓடும்போதே நான்கு இண்டிகேட்டர்களையும் மின்னவிடுவதும் தவறு. வண்டி நிற்கிறதா, திரும்புகிறதா, ஓடுகிறதா என்று பின்னால் வருபவரால் கண்டுகொள்ள முடியாமல் போகும்.

எந்த விளக்கைப் போட்டாலும் மூடுபனியில் வேகமே இறுதிப் பாதுகாப்பு. பார்வை 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறுகிய சாலையில் எதிரே ஒருவர் நடுவில் வந்துவிட்டால், இருவரும் ஆளுக்குப் பாதித் தூரத்தில், அதாவது 15 மீட்டருக்குள் நிற்க வேண்டும். ஈரச்சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்பவர் நிற்க சுமார் 12 மீட்டர் தேவை. 30 கிலோமீட்டரில் செல்பவருக்கு சுமார் 21 மீட்டர் தேவை. ஆகவே 30 மீட்டர் பார்வையில் 20 கிலோமீட்டரே உச்ச வேகம். பார்வைத் தூரத்தை அளக்க எளிய வழி உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்லும்போது, பனியிலிருந்து ஓர் ஓரக்கல் அல்லது மரம் முதன்முதலில் வெளிப்படும் கணத்திலிருந்து அதை அடையும்வரை நொடிகளை எண்ண வேண்டும். ஐந்து நொடிக்குக் குறைவாக வந்தால் அந்த வேகமும் அதிகம். இன்னும் மெதுவாகச் செல்ல வேண்டும், அல்லது சாலையை விட்டு விலகிய இடமாகப் பார்த்து நிறுத்திவிட வேண்டும்.

சுமை ஏற்றினால் தாழ் ஒளியும் உயரும்

டிம் போட்டிருந்தும் எதிரே வருபவர்கள் தொடர்ந்து பிரைட் அடித்துக் காட்டினால், அந்த வண்டியின் விளக்கு மேல்நோக்கி நிற்கிறது என்று பொருள். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளை ஏற்றி இறங்கும் பிக்கப் வேன்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

வேனின் விளக்கு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது என்று கொள்வோம். வழக்கமான சாய்வு 1 விழுக்காடு, அதாவது 10 மீட்டர் தூரத்துக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம். அப்படியானால் வெட்டுக்கோடு 90 மீட்டரில் தரையைத் தொடும். இப்போது பின்னால் மூட்டைகள் ஏற்றப்படுகின்றன. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர் உள்ள அந்த வேனின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 6 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால், வண்டியின் மூக்கு 2 விழுக்காடு மேலே தூக்கும். 1 விழுக்காடு இறங்கியிருந்த ஒளி இப்போது 1 விழுக்காடு ஏறிச் செல்லும். 50 மீட்டர் தொலைவில் வெட்டுக்கோடு 140 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். இருசக்கர வாகனத்தில் வருபவரின் கண் ஏறக்குறைய அந்த உயரம்தான். ஓட்டுநர் டிம்தான் போட்டிருக்கிறார். ஆனால் எதிரே வருபவருக்கு அது பிரைட்.

இதைச் சரிசெய்யவே பல வாகனங்களில் 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு திருகு முன்பலகையில் தரப்பட்டுள்ளது. ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது 0; பின்னால் சுமை கூடக்கூட எண்ணைக் கூட்ட வேண்டும். எண் கூடினால் ஒளி கீழே இறங்கும். சுமை இறக்கியதும் மீண்டும் 0-க்குக் கொண்டுவராவிட்டால், பார்வைத் தூரம் வீணாகக் குறையும்.

விளக்கின் சாய்வை வீட்டிலேயே சோதிக்கலாம். மட்டமான தரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்த வேண்டும். டயர்களில் சரியான காற்று இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். தரையிலிருந்து விளக்கின் மையம் வரையுள்ள உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. தாழ் ஒளியின் வெட்டுக்கோடு, வலப்பக்க மட்டமான பகுதியில், இரண்டாவது கோட்டின் மேல் விழுந்தால் சரி. முதல் கோட்டைத் தாண்டினால் எதிரே வருபவருக்குக் கூசும். வெட்டுக்கோடே தெரியாமல் ஒளி பரவிக் கிடந்தால், பல்பு தவறாகப் பொருத்தப்பட்டிருக்கலாம், பொருந்தாத வகையாக இருக்கலாம், அல்லது கண்ணாடி மங்கியிருக்கலாம்.

ஹாலோஜன் பல்புக்கென வடிவமைத்த விளக்கில் கடையில் கிடைக்கும் எல்இடி பல்பைச் செருகுவதே கோடு கலைவதற்கு இன்று அடிக்கடி காணப்படும் காரணம். மெல்லிய இழை இருந்த இடத்தில் தட்டையான சில்லுகள் வரும்போது, பிரதிபலிப்பான் ஒளியை வேறு திசைகளில் வீசுகிறது. ஓட்டுநருக்கு வண்டியின் முன்னால் தரை பளிச்சென்று தெரியும். வெளிச்சம் கூடிவிட்டதாக எண்ணுவார். உண்மையில் தொலைவில் விழும் ஒளி குறைந்திருக்கலாம். சிதறிய ஒளி எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். 60/55 வாட்டுக்குப் பதில் 100/90 வாட் பல்பைப் போடுவது கண்கூச்சத்தோடு, ஹோல்டரையும் ஒயரையும் சூட்டில் உருகவைக்கும் அபாயத்தையும் தரும்.

உயர் ஒளி எப்போது குற்றமாகிறது

விளக்கு தொடர்பான சட்டக் கடமைகளை வாகனத்தைச் சார்ந்தவை, ஓட்டுநரைச் சார்ந்தவை என இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

வாகனத்தைப் பற்றிக் கூறுவது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. இதன் 105-வது விதிப்படி, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின்னும், போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் விளக்குகள் எரிய வேண்டும். முன்னால் 155 மீட்டர் தொலைவில் உள்ள ஆட்களும் வாகனங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். மூடுபனி கவிந்த காலை ஒன்பது மணிக்கும் இவ்விதி பொருந்தும். 106-வது விதி கண்கூச்சத்தைப் பற்றியது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்கு ஒளி கூசக் கூடாது. விளக்கு நிரந்தரமாகவே அப்படிச் சாய்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுநரால் அப்படித் தாழ்த்தக் கூடியதாக இருக்க வேண்டும். டிம் வேலை செய்யாத வண்டி, பிரைட் போடாமல் இருந்தாலும், இவ்விதிக்குப் பொருந்தாது. 111-வது விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இன்றி முன்பக்கத்தில் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதைத் தடை செய்கிறது. மலைப்பயணத்துக்கென்று பனி விளக்கு என்ற பெயரில் பொருத்தப்படும் எல்இடி பட்டைகளில் பல, உண்மையில் தூரம் பாயும் ஸ்பாட் லைட்டுகளே.

ஓட்டுநரைப் பற்றிக் கூறுவது மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017. விளக்கை எதிரே வருபவருக்கும் முன்னே செல்பவருக்கும் கூசாதபடி பயன்படுத்துவது இதன்படி ஓட்டுநரின் கடமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 118-வது பிரிவின் கீழ் இவை இயற்றப்பட்டதால், மீறினால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 177ஏ பிரிவு பொருந்தும். இதன்படி அபராதம் 500 ரூபாய்க்குக் குறையாமலும் 1,000 ரூபாய்க்கு மிகாமலும் இருக்கும். ஆகவே இருண்ட வெற்றுச் சாலையில் பிரைட் போட்டவர் குற்றவாளி அல்லர்; வளைவில் எதிரே ஒருவர் வந்தபின்னும் அதைத் தாழ்த்தாதவர் விதியை மீறியவர்.

அதே செயல் மற்றவர்களுக்கு ஆபத்து விளைவிக்கும் விதமாக அமைந்தால் 184-வது பிரிவின் கீழ் ஆபத்தான முறையில் ஓட்டியதாகக் கருதப்படலாம். முதல் குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இப்பிரிவில் இடமுண்டு. கவனக்குறைவால் உயிர் போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். விதிக்குப் புறம்பாக விளக்கை மாற்றிய உரிமையாளருக்கு 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு தனியே உண்டு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இதுபற்றி உச்ச நீதிமன்றமும் கருத்துச் செலுத்தியுள்ளது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 அக்டோபர் 7 அன்று பிறப்பித்த உத்தரவில், முகப்பு விளக்குகளின் உச்ச ஒளி அளவையும் ஒளிக்கோணத்தையும் வரையறுக்கவும், புகைச் சோதனை மற்றும் தகுதிச் சான்றின்போது அவற்றைச் சரிபார்க்கவும், மாற்றியமைத்த விளக்குகள் மீது நடவடிக்கை எடுக்கவும் அந்நீதிமன்றம் அரசுக்கு அறிவுறுத்தியது. மருந்துக்கடையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கித் தீர்க்க முடியாத கூச்சம் இது. விளக்கை அமைக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டியது.

2017 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த இருசக்கர வாகனங்களில் இயந்திரம் ஓடும்போது விளக்கு தானாகவே எரியும், அணைக்க முடியாது. பகலில் அது எரிவது குற்றமும் அன்று, பழுதும் அன்று. ஆனால் அது டிம் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது ஓட்டுபவரின் பொறுப்பு.

எதிரே வருபவர் தாழ்த்தாவிட்டால்

ஒருமுறை விளக்கை மின்னச் செய்து நினைவூட்டலாம். அதற்கும் அவர் தாழ்த்தாவிட்டால், பதிலுக்குப் பிரைட் போடக் கூடாது. அப்போது கண் கூசுபவர் இருவராகிவிடுவர். நடுவில் நடப்பவரை யாருமே பார்க்க மாட்டார்கள். வேகத்தைக் குறைத்து, எதிர் விளக்கைப் பார்க்காமல், சாலையின் இடது ஓரக் கோட்டையோ ஓரக் கற்களையோ பார்த்தபடி செல்ல வேண்டும். கூச்சம் அதிகமாகி ஓரம் தெரியாமல் போனால், சாலைக்குள்ளேயே திடீரென நிறுத்தாமல், வேகத்தைக் குறைத்து இடது ஓரமாக ஒதுங்கி நிற்கலாம். வாகனம் கடந்த பின் மூன்று நான்கு நொடி காத்து, ஓரத்தில் ஆள் இல்லை என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த பிறகே புறப்பட வேண்டும்.

முன்கண்ணாடியின் உள்பக்கம் படியும் புகைப்படலமும் துடைப்பான் போட்ட கீறலும் எதிர் ஒளியைச் சிதறச் செய்து கூச்சத்தைப் பெருக்கும். விளக்கின் மேல் படிந்த சேற்றுக்கும் இதே விளைவு உண்டு. மழையில் மலை ஏறியவர்கள், இருட்டு முன் கரியாலூரில் வண்டியை நிறுத்தும்போதே, விளக்கையும் கண்ணாடியையும் ஈரத்துணியால் துடைத்து, டிம்மும் பிரைட்டும் மாறுகின்றனவா என்று ஒரு சுவரின் முன் போட்டுப் பார்த்துவிட்டால், இறக்கத்தில் வரும் முதல் வளைவிலேயே அதன் பயன் தெரியும்.